விஷம் பூசிய விதைக்கு மூன்று மொழியில் துண்டுப்பிரசுரம்: ஒரு சொல் மாறினாலும் ஆபத்து!

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது.

'எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் நிலக்கடலை விதையை விதை நேர்த்தி செய்து, 20 கிலோ பையில் போட்டு விற்கப் போகிறோம். எங்கள் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறார்கள். பைக்குள் வைக்கும் துண்டுப்பிரசுரத்தை மூன்று மொழியிலும் அச்சடிக்க நினைக்கிறோம். தமிழில் எழுதி, மற்ற இரண்டு மொழியும் தெரிந்தவர்களிடம் கொடுத்து மாற்றினால் போதுமா, வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?'

இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை இது. ரகம், பட்டம், இடைவெளி போன்ற விவரங்களில் மொழிபெயர்ப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் மகசூல்தான் குறையும். எச்சரிக்கை வரியில் பிசகினால் ஆளுக்கே ஆபத்து. அதனால் எச்சரிக்கை வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகவே பார்ப்போம்.

ஈராக்கில் நடந்தது

1971-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஈராக் விவசாயிகளுக்கு விதைக் கோதுமையும் பார்லியும் கப்பலில் வந்து இறங்கின. பூஞ்சாண நோய் தாக்காமல் இருக்க, மெத்தில் மெர்க்குரி என்ற பாதரச மருந்து பூசிய விதைகள் அவை. பெரும்பகுதி மெக்சிகோவிலிருந்தும், ஒரு பகுதி அமெரிக்காவிலிருந்தும் வந்தன. சாக்கின் மேல் எச்சரிக்கை இருந்தது. ஆனால், ஸ்பானிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. மண்டை ஓட்டுப் படமும் இருந்தது. அந்தப் படத்துக்கு 'விஷம்' என்று பொருள் என்பது அந்தக் கிராமத்து மக்களுக்குத் தெரியாது.

பல ஊர்களுக்கு விதை போய்ச் சேர்வதற்குள் விதைப்புப் பருவம் முடிந்துவிட்டது. வீட்டில் தானியம் குறைவு. விதையில் சாயம் கலந்திருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவினால் சாயம் போனது. சாயத்தோடு விஷமும் போய்விட்டது என்று நம்பி, அரைத்து ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். பாதரசம் போகவில்லை. சாப்பிட்ட உடனே எதுவும் தெரியவில்லை. வாரக்கணக்கில் கழித்துத்தான் கை கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை மங்குவது என்று ஆரம்பித்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் மட்டும் 6,530 பேர். அவர்களில் 459 பேர் இறந்துபோனார்கள்.

நம் ஊரில் இன்றைக்கு விதைக்குப் பூசுகிற மருந்துகள் பாதரசம் அளவுக்குக் கொடியவை அல்ல. ஆனால், தவறு நடந்த வழி அப்படியே நம் வீட்டுக்கும் பொருந்தும். விதைத்தது போக மிச்சம் இருக்கும், வீட்டில் கோழி இருக்கும், கழுவினால் போய்விடும் என்ற நினைப்பும் இருக்கும். இந்த மூன்றும் ஒன்று சேர்கிற இடத்தில்தான் துண்டுப்பிரசுரம் வேலை செய்ய வேண்டும்.

சட்டம் சொல்லும் ஒரு வரி

1968-ம் ஆண்டின் விதை விதிகளின்படி, மருந்து பூசிய விதையின் லேபிளில் 'நேர்த்தி செய்யப்பட்டது' என்பதையும், பூசிய மருந்தின் பெயரையும் போட வேண்டும். அந்த மருந்து மனிதருக்கோ கால்நடைக்கோ கெடுதல் செய்யும் என்றால், 'டு நாட் யூஸ் ஃபார் ஃபுட், ஃபீட் ஆர் ஆயில் பர்ப்பஸஸ்' என்பது போன்ற எச்சரிக்கை வாசகமும் இருக்க வேண்டும். பாதரசம் போன்ற கொடிய மருந்தாக இருந்தால், 'விஷம்' என்ற சொல்லைச் சிவப்பு நிறத்தில் எடுப்பாகப் போட வேண்டும்.

இந்த ஒரு வரியை எடுத்து மூன்று மொழியிலும் நடத்திப் பார்த்தாலே, எங்கெங்கே பிசகும் என்பது தெரிந்துவிடும். பொதுவாக இதைத் தமிழில் இப்படிப் போடுவார்கள்: 'உணவு, தீவனம் மற்றும் எண்ணெய் பயன்பாட்டுக்கு உபயோகிக்க வேண்டாம்.'

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, 'வேண்டாம்' என்ற சொல். 'காபி வேண்டாம்' என்றால் தேவையில்லை என்று பொருள். 'தொட வேண்டாம்' என்றால் தொடாதே என்று பொருள். ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. தமிழ் படிப்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். அதை மொழிபெயர்ப்பவர் 'தேவையில்லை' என்ற பக்கம் சாய்ந்துவிட்டால், கன்னடத்தில் 'பேகாகில்ல' என்று வந்து நிற்கும். 'பயன்படுத்தத் தேவையில்லை' என்றால் பயன்படுத்தினாலும் தவறில்லை என்று ஆகிவிடுகிறது. அதனால் தடை சொல்லும் எல்லா வரிகளுக்கும் தமிழில் 'கூடாது' என்ற ஒரே முடிவை வைத்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் அதற்கு நேராக 'கூடது' இருக்கிறது. கன்னடத்தில் 'பாரது'. தின்னக் கூடாது, தினகூடது, தின்னபாரது. மூன்றுமே தடையைத்தான் சொல்லும். வேறு பொருளுக்கு இடமில்லை.

இரண்டாவது, 'தீவனம்'. இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு மாடுதான் ஞாபகம் வரும். கோழிக்கு வீசுவதைத் 'தீனி' என்றோ, 'இரை' என்றோ சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கன்னடத்தில் இதை 'மேவு' என்று மாற்றிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மேவு என்றால் புல்லும் வைக்கோலும்தான் மனதில் வரும், கடலைப்பருப்பு வராது. தெலுங்கில் 'மேத' என்றாலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 'ஃபீட்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மாடு, ஆடு, கோழி எல்லாமே அடங்கும். நம் மூன்று மொழியிலும் அவ்வளவையும் அடக்கும் ஒரு நாட்டுச் சொல் இல்லை. அதனால் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்காமல், 'மாடு, ஆடு, கோழி, பன்றி எதற்கும் போடக் கூடாது' என்று பேர் சொல்லியே எழுத வேண்டும்.

மூன்றாவது, 'எண்ணெய் பயன்பாட்டுக்கு'. இது அலுவலகத் தமிழ். கடலைக்காரருக்குத் தெரிந்த செயல் 'செக்கில் ஆட்டுவது'. 'செக்கில் ஆட்டக் கூடாது, எண்ணெய்க்காக விற்கவும் கூடாது' என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

சட்டம் கேட்கும் வாசகத்தை விட்டுவிடக் கூடாது. அது அப்படியே லேபிளில் இருக்கட்டும். அதன் கீழே இந்த விளக்க வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் தமிழை உறுதி செய்யுங்கள்

பலரும் செய்யும் தவறு, தமிழ் வாசகம் முடிவாகும் முன்பே மொழிபெயர்க்கக் கொடுத்துவிடுவது. பிறகு தமிழில் ஒரு வரியைத் திருத்துவார்கள். தெலுங்கில் பழைய வரியே நிற்கும். அதனால், தமிழ் வரிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, 'இனி மாற்றமில்லை' என்று முடிவு செய்த பிறகே அடுத்த வேலை.

கார்பாக்சினும் திரமும் கலந்த பூஞ்சாணக் கொல்லியைப் பூசிய நிலக்கடலை விதை என்று வைத்துக்கொண்டால், எச்சரிக்கைப் பகுதி இப்படி வரும்.

1. இந்த நிலக்கடலை விதையில் விஷம் பூசப்பட்டுள்ளது.
2. மனிதர் தின்னக் கூடாது.
3. மாடு, ஆடு, கோழி, பன்றி எதற்கும் போடக் கூடாது.
4. செக்கில் ஆட்டக் கூடாது. எண்ணெய்க்காக விற்கவும் கூடாது.
5. கழுவினாலும், வறுத்தாலும், அவித்தாலும் விஷம் போய்விட்டதாக நினைக்கக் கூடாது.
6. கையுறை இல்லாமல் விதையைத் தொடக் கூடாது. சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவாமல் சாப்பிடவோ, பீடி, வெற்றிலை போடவோ கூடாது.
7. விதைப்பதற்கு முன்னும் பின்னும் மது குடிக்கக் கூடாது.
8. யாராவது தின்றுவிட்டால் உடனே 108-ஐக் கூப்பிடவும். பையையும் இந்தத் தாளையும் மருத்துவரிடம் காட்டவும். மயக்கமாக இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.
9. காலிப் பையில் தானியம், மாவு எதையும் வைக்கக் கூடாது.

ஒரு வரிக்கு ஒரு செய்தி என்பதுதான் இங்கே கணக்கு. 'தின்னவோ, ஆட்டவோ, கால்நடைக்குப் போடவோ கூடாது' என்று ஒரே வாக்கியமாகக் கோத்தால், தடை கடைசிச் சொல்லில் போய் நிற்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலுமே வினை கடைசியில்தான் வரும். வாக்கியம் நீண்டு, அந்தக் கடைசிச் சொல் மடிப்பிலோ அடுத்த பத்தியிலோ விழுந்தால், 'தின்ன, ஆட்ட, கால்நடைக்குப் போட' என்பது மட்டும் கண்ணில் படும். எச்சரிக்கையே சிபாரிசாக மாறிவிடும். வரி குட்டையாக இருந்தால் இந்தச் சிக்கல் வராது.

ஏழாவது வரி எதற்கு என்று சிலர் கேட்கலாம். திரம் என்பது, குடியை விட வைப்பதற்காகக் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரையோடு நெருங்கிய உறவுள்ள ரசாயனம். திரம் உடம்பில் பட்டிருக்கும் நேரத்தில் மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு எல்லாம் வரலாம். ஆனால், நாம் எழுதியிருக்கும் வரியில் ஒரு குறை இருக்கிறது. 'முன்னும் பின்னும்' என்றால் எத்தனை நாள்? ஒரு மணி நேரம் என்று ஒருவர் நினைப்பார். ஒரு வாரம் என்று இன்னொருவர் நினைப்பார். மூன்று மொழிக்குப் போனால் மூன்று கணக்காகும். மருந்துக் கம்பெனியிடம் எழுதிக் கேட்டு, நாளை எண்ணால் போட்ட பிறகுதான் இந்த வரி முடிவாகும். எந்த அளவாக இருந்தாலும், எண் இல்லாத எச்சரிக்கையை மொழிபெயர்க்கக் கொடுக்காதீர்கள்.

சொல் பட்டியல்: ஒரே மாதிரி ஒலிக்கும், பொருள் வேறு

அடுத்த வேலை ஒரு சின்னப் பட்டியல். இடது பக்கம் தமிழ்ச் சொல், பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும். இருபது சொல்லுக்கு மேல் வராது. ஆனால், மொழிபெயர்ப்பாளர் வேலையைத் தொடங்கும் முன்பே அவரோடு உட்கார்ந்து இதை முடித்துவிட வேண்டும். நம் மூன்று மொழிகளும் பங்காளிகள். ஆகவே, ஒரே மாதிரி ஒலிக்கிற சொல்லை அப்படியே தூக்கிப்போடும் ஆசை வரும். வில்லங்கமே அங்கேதான்.

பயிரின் பெயரையே பாருங்கள். நாம் 'கடலை' என்று சுருக்கிச் சொல்வது பெரும்பாலும் நிலக்கடலையை. கன்னடத்தில் 'கடலே' என்றால் கொண்டைக்கடலை. நிலக்கடலைக்குத் தென்கர்நாடகத்தில் 'கடலேகாயி', வடக்கே 'ஶேங்கா'. தெலுங்கிலும் இதே கதை. 'வேருசெனக' என்றால் நிலக்கடலை. முன்பாதியை விட்டுவிட்டு 'செனக' என்றால் கொண்டைக்கடலை. முதல் வரியிலேயே பயிர் மாறிவிட்டால், 'இது நமக்கான தாள் இல்லை' என்று படிப்பவர் தூக்கிப் போட்டுவிடுவார்.

அடுத்து 'மருந்து'. பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து என்று நாம் பழகிவிட்டோம். தெலுங்கில் 'மந்து' என்ற சொல்லுக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. சாராயத்தையும் பேச்சுவழக்கில் மந்து என்பார்கள். இப்போது ஏழாவது வரியைத் தெலுங்கில் 'மந்து தாககூடது' என்று போட்டால் என்ன ஆகும்? விஷ மருந்தைக் குடிக்கக் கூடாது என்று ஒருவர் புரிந்துகொள்வார். 'அதை யார் குடிப்பார்கள்?' என்று சிரித்துவிட்டு, மாலையில் கடைக்குப் போய்விடுவார். எனவே, துண்டுப்பிரசுரத்தில் விதைக்குப் பூசியதை எந்த மொழியிலும் 'மருந்து' என்று சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தமிழில் விஷம், தெலுங்கில் விஷம், கன்னடத்தில் விஷ. மூன்றும் ஒன்றுதான், எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மதுவையும் பேர் சொல்லி எழுதினால் நல்லது. அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. நம் 'கள்' தெலுங்கில் 'கல்லு'. அதையே கன்னடத்தில் எழுதினால் பாறைக்கல் என்று பொருளாகும். கன்னடத்தில் கள்ளுக்கு 'ஹெண்ட' என்று பெயர்.

தலைப்பில் போடும் சொல்லும் அப்படித்தான். தெலுங்கில் ஆபத்து என்பதற்குப் 'பிரமாதம்' என்ற சொல் உண்டு. தெலுங்கைப் பேசத் தெரிந்து, தமிழ் எழுத்தில் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்களுக்காகச் சிலர் தெலுங்கு வாசகத்தைத் தமிழ் எழுத்திலேயே அச்சடிக்கிறார்கள். விஷப் பையின் மேல் தமிழ் எழுத்தில் 'பிரமாதம்' என்று இருந்தால், படிப்பவர் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எண்களுக்கும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மொழியிலும் 1, 2, 3 என்ற இதே எண்கள்தான். எடைக்குக் கிராம், கிலோ. நேரத்துக்கு மணி, நாள். 'படி', 'குண்டே' போன்ற உள்ளூர் அளவுகள் இதில் நுழையக் கூடாது.

திருப்பி மொழிபெயர்த்தால் ஓட்டை தெரியும்

கன்னடம் நமக்குத் தெரியாது, சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இதற்கு ஒரு வழி இருக்கிறது. கன்னட வரிகளை, தமிழ் மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து, திரும்பத் தமிழில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அவர் முதல் மொழிபெயர்ப்பாளரோடு பேசியிருக்கக் கூடாது. வந்ததை மூலத்துக்குப் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட வேண்டும். வரிகளுக்கு எண் போடச் சொன்னது இதற்குத்தான்.

உதாரணத்துக்கு, மூன்றாவது வரி இப்படித் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'மாடு முதலியவற்றுக்குப் புல்லாகக் கொடுக்க வேண்டியதில்லை.' இதில் இரண்டு பிழைகள் தெரிகின்றன. 'கூடாது' என்பது 'வேண்டியதில்லை' ஆகிவிட்டது. கோழி காணாமல்போய், 'முதலியவை' என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டது. முதல் மொழிபெயர்ப்பாளரிடம் போய், 'பாரது' போடுங்கள், நான்கு பிராணியின் பெயரையும் தனித்தனியாக எழுதுங்கள் என்று கேட்க வேண்டும். திருத்திய வரியை மறுபடி திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஒப்பிடும்போது நடை அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். நான்கே கேள்விகள் போதும். தடை தடையாகவே இருக்கிறதா? யாருக்கு, எதற்கு என்ற பெயர்கள் எல்லாம் வந்திருக்கின்றனவா? எண்ணும் அளவும் அதேதானா? 'முன்', 'பின்', 'வரை' என்ற காலச் சொற்கள் இடம் மாறாமல் இருக்கின்றனவா? நான்கும் சரி என்றால் அந்த வரி தேறிவிட்டது.

இந்த முறையால் பிடிக்க முடியாத பிழையும் உண்டு. படித்தவர்கள் இருவருமே புத்தகக் கன்னடம் எழுதியிருந்தால், திரும்பி வருவது சரியாகவே இருக்கும். ஆனால், வயலில் இருப்பவருக்கு அது புரியாது. அதற்காகத்தான் அடுத்த சோதனை.

'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள்

ஒவ்வொரு மொழியிலும் ஐந்தாறு பேரிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இயக்குநர்கள் வேண்டாம். விதை ஊன்றுகிற பெண்கள், கூலிக்கு வருகிறவர்கள், புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவர்கள் என்று பாருங்கள். படித்து முடித்ததும் 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதில் பயனில்லை. நடப்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

'அக்கா, விதைச்சது போக ரெண்டு கிலோ மிச்சம் இருக்கு. வீட்டுல கோழி நிக்குது. என்ன பண்ணுவீங்க?'

'கழுவி காயவச்சுப் போடுவேன்' என்று பதில் வந்தால், மூன்றாவது வரியும் ஐந்தாவது வரியும் வேலை செய்யவில்லை என்று பொருள். அந்த அக்காவைத் திருத்துவது நம் வேலை இல்லை. வரியைத்தான் திருத்த வேண்டும். திருத்திய பிறகு, ஏற்கெனவே படித்தவர்களிடம் கேட்காமல், புது ஆட்களிடம் கேட்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட வரிகளில் ஒருவர் தவறாகச் சொன்னாலும் அது தோல்விதான். பெரும்பாலானவர்களுக்குப் புரிந்தது என்று விட்டுவிட முடியாது.

மண்டை ஓடு, கையுறை போன்ற படங்களையும் இதே மாதிரி கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். 'இந்தப் படம் என்ன சொல்லுதுண்ணே?' என்று மட்டும் கேளுங்கள், பதிலை எடுத்துக்கொடுக்காதீர்கள்.

அச்சகத்தில் கடைசிக் கண்டம்

எல்லாம் சரியாக முடிந்து, அச்சகத்தில் கெடுவதும் உண்டு. தெலுங்கிலும் கன்னடத்திலும் ஓர் எழுத்தின் கீழே இன்னோர் எழுத்து ஒட்டி வரும். வடிவமைக்கும் மென்பொருளோ எழுத்துருவோ ஒத்துப்போகவில்லை என்றால், இந்த ஒட்டெழுத்துகள் பிரிந்து, தனித்தனியாகச் சிதறும். அந்த மொழி தெரியாத வடிவமைப்பாளருக்கு இது கண்ணில் படாது. தெலுங்கு, கன்னட எழுத்துகள் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், ஒன்றின் இடத்தில் இன்னொன்றை ஒட்டிவிடுவதும் சுலபம். அதனால், கணினித் திரையில் பார்த்துச் சம்மதம் சொல்லாதீர்கள். காகிதத்தில் அச்சடித்த மாதிரித் தாளை, அந்தந்த மொழிபெயர்ப்பாளர் முழுவதும் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.

இடம் போதவில்லை என்று எச்சரிக்கை எழுத்தைச் சிறிதாக்குவார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மகசூல் பெருமையையும் நிறுவனத்தின் முகவரியையும் சுருக்கலாம். ஒன்பது வரிகளும் மூன்று மொழியிலும் ஒரே அளவு எழுத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். தாளின் ஓரத்தில் பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள். அடுத்த ஆண்டு மருந்து மாறினால், மூன்று மொழியும் சேர்ந்தே மாற வேண்டும். எந்த மொழியில் பழைய எண் நிற்கிறதோ, அது விட்டுப்போனது என்று உடனே தெரியும்.

இதையொட்டி வந்த சில கேள்விகள்

*மருந்துக் கம்பெனியின் துண்டுப்பிரசுரத்தில் இருப்பதை நாங்கள் எளிமைப்படுத்தி எழுதலாமா?*

பூச்சிக்கொல்லி, பூஞ்சாணக் கொல்லிப் பொட்டலங்களின் லேபிளும் துண்டுப்பிரசுரமும், 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி இந்தியிலும், ஆங்கிலத்திலும், விற்கப்படும் பகுதியின் ஒன்றிரண்டு மொழிகளிலும் இருக்க வேண்டும். விஷத்தின் அறிகுறி, முதலுதவி, முறிமருந்து, காலி டப்பாவை ஒழிக்கும் முறை எல்லாம் அதில் வரும். அந்தத் தாளை யாரும் மாற்றக் கூடாது. நீங்கள் எழுதுவது உங்கள் விதைப் பைக்கான தனித் தாள். மருத்துவத் தகவலை மட்டும் கம்பெனித் தாளிலிருந்து அப்படியே எடுக்க வேண்டும். குறிப்பாக, வாந்தி எடுக்க வைக்கலாமா என்பது மருந்துக்கு மருந்து மாறும். ஊகித்து எழுதக் கூடாது.

*'ஆன்டிடோட்' என்பதை 'மாற்று மருந்து' என்று போடலாமா?*

கூடாது. ஒரு மருந்து கிடைக்காவிட்டால் அதற்குப் பதிலாக வாங்கும் இன்னொரு மருந்து என்று கடைக்காரர் புரிந்துகொள்வார். 'விஷமுறிவு மருந்து' அல்லது 'முறிமருந்து' என்று போடுங்கள். அதை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

*எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது. தாள் எதற்கு?*

விதை விற்கும் இடத்தில் இருப்பவர், அந்த ஒன்பது வரியையும் வாங்குபவரின் மொழியில் படித்துக்காட்ட வேண்டும். அவரவர் வாய்க்கு வந்தபடி சொன்னால், இத்தனை பாடுபட்டுச் சரிபார்த்த சொற்கள் எல்லாம் வீண். தாளில் இருப்பதைத்தான், இருக்கிறபடியே படிக்க வேண்டும். முடிவில், 'கோழிக்குப் போடலாமா?' என்று ஒரு கேள்வி கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு பையைக் கொடுங்கள்.